பதில் வராத நண்பனுக்கு என்ன எழுதுவது?

வாட்ஸ்அப் குழுவில் தினமும் ஏதாவது போட்டுக்கொண்டிருந்த நண்பர் ஒருவர் திடீரென்று அடங்கிப்போகிறார். போன் செய்தால் எடுப்பதில்லை. சில வாரங்கள் கழித்துத்தான் நமக்கு உறைக்கிறது. உடனே கை தானாக ஒரு வரியை எழுதும்: "என்னடா, ஆளையே காணோம்? பெரிய ஆளாயிட்டியா?"

நட்போடுதான் எழுதுகிறோம். நல்லபடியாக இருப்பவர் என்றால் சிரித்துக்கொண்டே பதில் போடுவார். மனச்சோர்வில் கிடப்பவருக்கோ அந்த ஒரு வரி மூன்று வேலை வைக்கிறது. காணாமல் போனதற்குக் காரணம் சொல்ல வேண்டும். பெரிய ஆளாகிவிடவில்லை என்று மறுக்க வேண்டும். அதையும் சிரித்துக்கொண்டே எழுதுவது போல எழுத வேண்டும். பல் தேய்க்க எழுந்திருப்பதே பாடாக இருப்பவர், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறார். மறுநாள் எழுத நினைத்தால் தாமதத்துக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. ஒரு வாரம் போனபின் என்ன எழுதுவதென்றே தெரிவதில்லை. கடன் கொடுத்தவரைக் கண்டால் வேறு தெருவில் திரும்புகிறவர் மாதிரி, திரையில் நம் பெயர் வந்தாலே ஒதுங்க ஆரம்பிக்கிறார்.

வெளியிலிருந்து பார்க்கிற நமக்கு இது அலட்சியமாகத் தெரிகிறது. உள்ளே இருப்பது பெரும்பாலும் களைப்பும் குற்றவுணர்வும். இரண்டுமே மருத்துவர்கள் மனச்சோர்வு நோய்க்குப் பார்க்கிற அறிகுறிகள். எனவே நாம் அனுப்பும் செய்தி அவருடைய கணக்கில் இன்னொரு கடனை ஏற்றக் கூடாது. நண்பரை விசாரிப்பதில் மிகவும் கவனிக்க வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன்.

பேச்சு குறைந்தவர் எல்லோரும் மனச்சோர்வில் இருப்பதாக அர்த்தமில்லை. பிள்ளைக்குத் தேர்வு இருக்கலாம், வேலை மாறியிருக்கலாம், நம்மேல் உண்மையிலேயே வருத்தம் இருக்கலாம். கவனிக்க வேண்டியது அவரவருடைய வழக்கத்திலிருந்து ஏற்பட்ட மாற்றம். எப்போதும் அளந்து பேசுகிறவர் பேசாமல் இருந்தால் அதில் செய்தி எதுவும் இல்லை. கிரிக்கெட் என்றால் விடிய விடிய விழித்திருப்பவர் ஸ்கோர்கூடக் கேட்காமல் இருக்கிறார் என்றால் இருக்கிறது. மனம் வாடியிருப்பதோ, பிடித்ததில் பிடிப்பு விட்டுப்போவதோ நாளின் பெரும்பகுதி, கிட்டத்தட்ட எல்லா நாளும், இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவர்கள் அதை நோயாகப் பார்க்கத் தொடங்குகிறார்கள். கூடவே தூக்கமும் பசியும் மாறும். விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்து, பிறகு உறக்கம் பிடிக்காமல் உட்கார்ந்திருப்பது பலரிடம் காணப்படுவது. நம் ஊரில் "மனசு சரியில்லை" என்று யாரும் எடுத்தவுடன் சொல்வதில்லை. "உடம்பெல்லாம் அசதி", "தலை பாரமா இருக்கு", "எதுவும் செய்ய முடியல" என்றுதான் சொல்வார்கள். ஆண்கள் சிலரிடம் அது சிடுசிடுப்பாகவோ, அளவு மீறிய குடியாகவோ வெளிப்படும்.

எனக்குத் தெரிந்த சிலருடைய அனுபவங்களைச் சேர்த்து, யாரென்று தெரியாதபடி, ஒரு கதையாகச் சொல்கிறேன். கல்லூரியில் ஒன்றாகப் படித்த இருவர், இப்போது நாற்பதை நெருங்குகிறார்கள். ஒருவர் திண்டுக்கல்லில் மொபைல் கடை வைத்திருக்கிறார். இன்னொருவர் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர். ஒரு ஷிப்மெண்ட் தாமதமாகி, பையர் ஆர்டரை ரத்து செய்ததும் பழி முழுவதும் திருப்பூர்க்காரர் தலையில் விழுந்தது. அதற்குப் பிறகுதான் அவர் பேச்சை நிறுத்தினார். குழுவில் இளையராஜா பாட்டு போடுகிற ஆள் அவர்தான், பாட்டும் நின்றுபோயிற்று. தீபாவளிக்கும் ஊருக்கு வரவில்லை.

திண்டுக்கல்காரர் குழுவில் எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இருபது பேர் ஒரே நேரத்தில் "என்ன ஆச்சு, என்ன ஆச்சு" என்று மொய்த்திருப்பார்கள். அவர் தனியாக அனுப்பிய முதல் செய்தி இது: "மாப்ள, காலேஜ் வாசல்ல நம்ம டீக்கடை இருந்துச்சுல்ல, அதை இடிச்சுட்டாங்க. உன் ஞாபகம் வந்துச்சு. பதில் போடணும்னு இல்ல."

இந்தச் செய்தியில் கேள்வியே கிடையாது. ஒரு விஷயம் இருக்கிறது, உன்னை நினைத்தேன் என்ற தகவல் இருக்கிறது, பதில் தேவையில்லை என்ற விடுதலை இருக்கிறது. கடைசி வரியைப் பலர் எழுதுவதில்லை. நான் அதைத்தான் முக்கியமாகக் கருதுகிறேன். அது இருந்தால் படித்துவிட்டுச் சும்மா இருக்கலாம். சும்மா இருந்ததற்காகப் பிறகு கூசவும் வேண்டாம்.

பதில் வரவில்லை. நான்கைந்து நாள் கழித்து, மகள் சைக்கிள் பழகுகிற படம் ஒன்று போனது. அதற்கும் பதில் இல்லை. நீல டிக் மட்டும் விழுந்தது. இந்த இடத்தில்தான் நம்மில் பலர் ரோஷப்பட்டு நிறுத்திவிடுகிறோம். "ரெண்டு தடவை போட்டாச்சு, இனி அவனே வரட்டும்." அவர் நிறுத்தவில்லை.

பதில் வராத செய்திக்குப் பலன் உண்டா என்று நியாயமாகவே கேட்கலாம். இதை மருத்துவ உலகம் சோதித்துப் பார்த்திருக்கிறது. அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர் 1969இல் ஒரு ஆய்வைத் தொடங்கினார். மனச்சோர்வாலோ தற்கொலை எண்ணத்தாலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு வீடு திரும்பியவர்களில், தொடர் சிகிச்சை வேண்டாம் என்று விலகிய 843 பேரை எடுத்துக்கொண்டு இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு, மருத்துவமனையில் அவர்களைச் சந்தித்தவரே சிறு கடிதங்கள் எழுதினார். நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம், எழுதத் தோன்றினால் எழுதுங்கள் என்ற அளவில் இரண்டு மூன்று வரிகள். அறிவுரை இல்லை, மருந்து சாப்பிட்டீர்களா என்ற விசாரணை இல்லை, மறுபடி வாருங்கள் என்ற வற்புறுத்தலும் இல்லை. முதலில் மாதம் ஒன்று, பிறகு இரண்டு மாதத்துக்கு ஒன்று, அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒன்று என ஐந்து ஆண்டுகளில் 24 கடிதங்கள். இன்னொரு பிரிவினருக்கு எதுவும் போகவில்லை. 2001இல் வெளியான முடிவின்படி, கடிதம் பெற்றவர்களிடையே தற்கொலை குறைவாக இருந்தது. முதல் இரண்டு ஆண்டுகளில் அந்த வித்தியாசம் தெளிவாகவே தெரிந்தது. பின்னாளில் வேறு இடங்களில் நடந்த சோதனைகள் எல்லாமே இதே அளவு பலனைக் காட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் எதையும் கேட்காத, விட்டுவிடாமல் வருகிற சில வரிகள் ஒருவரைத் தொடும் என்று நம்ப இடம் இருக்கிறது. 2022இல் பெக்கி லியு என்ற ஆய்வாளரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வுகளும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தக்கவை. நெடுநாள் தொடர்பு இல்லாதவரை நாம் விசாரித்தால் அவர் எவ்வளவு மகிழ்வார் என்று கேட்டபோது, விசாரிப்பவர்கள் அதைக் குறைத்தே மதிப்பிட்டார்கள்.

மூன்றாவது செய்திக்குப் பிறகு திண்டுக்கல்காரர் நண்பரின் மனைவிக்குப் போன் செய்தார். இது கத்திமேல் நடக்கிற காரியம். நம்மை வேவு பார்க்கிறார்கள் என்று நண்பருக்குத் தோன்றிவிட்டால் இருக்கும் கதவும் மூடிக்கொள்ளும். அதனால் அவர் தூக்கம், சாப்பாடு இரண்டைப் பற்றி மட்டும் கேட்டார்.

"தங்கச்சி, அவன் தூங்குறானா, நல்லா சாப்பிடுறானாம்மா?"

"எங்கண்ணே தூங்குறாரு. ராத்திரி மூணு மணிக்கு எந்திரிச்சு ஹால்ல உக்காந்திருக்காரு. கேட்டா வேலை டென்ஷன்ங்கிறாரு. பேண்ட் எல்லாம் லூஸாயிருச்சு."

அன்று மாலையே நண்பருக்கு ஒரு செய்தி போனது: "இன்னைக்குத் தங்கச்சிகிட்ட பேசினேன். நீ தூங்குறதில்லன்னு சொல்லுச்சு. ஞாயித்துக்கிழமை உன்னைப் பாக்கத்தான் வர்றேன். சாயங்காலம் அஞ்சு மணிக்கு உங்க தெரு முனை டீக்கடையில இருப்பேன். முடிஞ்சா வா. முடியலைன்னா நான் டீ குடிச்சிட்டுக் கிளம்பிடுறேன், தப்பா நினைக்க மாட்டேன்."

வேறு வேலையாக அந்தப் பக்கம் வருவதாகப் பொய் சொல்லலாமே என்று சிலர் கேட்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிறகு தெரிய வந்தால் எல்லாமே நாடகமாகத் தோன்றும். நேராகச் சொல்லி, வராமல் இருக்கவும் வழி விடுவது போதும். மாலை நேரம் என்பதும் யோசித்து வைத்ததுதான். மனச்சோர்வில் பலருக்குக் காலைப்பொழுது மிக மோசமாக இருக்கும். பொழுது சாயச் சாயக் கொஞ்சம் தெளிவு வரும்.

ஐந்தே முக்காலுக்கு நண்பர் வந்தார். தாடி வளர்ந்திருந்தது. டீக்கடையில் ஒன்றும் பேசவில்லை. பிறகு இருவரும் நடந்தார்கள். எதிரெதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்த்துப் பேசுவதைவிட, பக்கத்தில் நடந்துகொண்டு பேசுவது நம் ஆண்களுக்குச் சுலபம். பைக்கில் பின்னால் உட்கார்ந்து பேசுவதும் அப்படித்தான்.

"எப்படி இருக்க?" என்று கேட்டால் "நல்லாருக்கேன்" என்றுதான் பதில் வரும், அது வாய்ப்பழக்கம். கண்ணால் கண்டதைச் சொல்லிக் கேட்டால்தான் பேச்சு திறக்கும். "ரெண்டு மாசமா நீ பேசவே இல்ல. தீபாவளிக்கும் வரல. இளைச்சுப் போயிருக்க. எனக்குக் கவலையா இருக்கு மாப்ள." இவ்வளவு சொல்லிவிட்டு அவர் வாயை மூடிக்கொண்டார். நண்பர் முதலில் "ஒண்ணுமில்லடா, வேலைதான்" என்றார். அதற்கும் இவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு தெரு தாண்டியதும், "எதுவுமே பிடிக்கலடா. ஆபீஸ் வாசல்ல வண்டிய நிறுத்திட்டு உள்ள போக முடியாம உக்காந்திருக்கேன்" என்று வந்தது.

இந்த வரிக்குப் பிறகு நம் வாயில் என்ன வரும் என்று யோசித்துப் பாருங்கள். "உனக்கென்னடா குறை, பொண்டாட்டி புள்ளை நல்லாருக்கு." "கம்பெனி போனா போகுது, வேற பாத்துக்கலாம்." "காலையில வாக்கிங் போ." "குலதெய்வத்துக்கு ஒரு தடவை போய்ட்டு வா." எல்லாம் நல்லெண்ணம்தான். ஆனால் அவர் இப்போதுதான் பேச ஆரம்பித்திருக்கிறார். தீர்வு சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். குறையில்லை என்று நாம் பட்டியல் போட்டால், குறையில்லாமலே வாடுகிறோமே என்று அவர் இன்னும் வெட்கப்படுவார். திண்டுக்கல்காரர், "எப்பலேர்ந்துடா இப்படி?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு நண்பர் அரைமணி நேரம் பதில் சொன்னார்.

அடுத்த கேள்விதான் எல்லோரும் பயப்படுவது. "இவ்வளவு கஷ்டத்துல, செத்துப்போயிடலாம்னு எப்பவாவது தோணுச்சா?" இதைக் கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற அச்சம் பரவலாக இருக்கிறது. இதைச் சோதித்த ஆய்வுகளில் அப்படி நடந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அந்த எண்ணம் உள்ளவர்களுக்கு, ஒருவர் பதறாமல் கேட்டதே ஆறுதலாக இருக்கிறது. கேட்கும் விதம் முக்கியம். "தப்பா எதுவும் யோசிக்கலையே?" என்று கேட்டால், இல்லை என்று சொல்லச் சொல்லிக் கேட்பதாகிவிடும். சாவு என்ற சொல்லைத் தவிர்க்காமல், சாதாரணக் குரலில், ஆம் என்றும் சொல்ல இடம் கொடுத்துக் கேட்க வேண்டும்.

நண்பர் சொன்னார்: "தூங்கி எந்திரிக்காமலே போயிட்டா நல்லாருக்கும்னு தோணும். புள்ளைங்க இருக்கு, எதுவும் பண்ணிக்க மாட்டேன்." எப்படி, எப்போது என்று ஏதாவது யோசித்து வைத்திருக்கிறாயா என்று இவர் தொடர்ந்து கேட்டார். இல்லை என்றார். "எங்கிட்ட சொன்னது நல்லதாப் போச்சு" என்றார் இவர்.

இந்தப் பதில் வேறாக இருந்தால் நாம் செய்வதும் வேறாக வேண்டும். வழி, நேரம் என்று யோசித்து வைத்திருக்கிறார் என்றால் அன்றைக்கு அவரைத் தனியாக விடக் கூடாது. யாரிடமும் சொல்லாதே என்று அவர் கேட்டாலும் வீட்டில் ஒருவருக்குச் சொல்லியாக வேண்டும். "இதை மட்டும் என்னால மறைக்க முடியாதுடா, உன் முன்னாடியே சொல்றேன்" என்று அவரிடமே சொல்லிவிடலாம். வீட்டில் இருக்கும் மாத்திரைகள், பூச்சிமருந்து போன்றவற்றை வேறு ஒருவர் பொறுப்பில், எட்டாத இடத்துக்கு மாற்ற வேண்டும். அந்த வேகம் பலருக்குக் கொஞ்ச நேரத்தில் தணியக்கூடியது. கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாவிட்டால் அந்த நேரம் கடந்துபோகும். பிறகு மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். தேவைப்பட்டால் 108ஐ அழைக்கலாம். போலீஸ் கேஸ் ஆகுமோ என்று தயங்குகிற குடும்பங்கள் இன்னும் உண்டு. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் 115ஆம் பிரிவின்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்படுவார். வேறுவிதமாக நிரூபிக்கப்பட்டாலொழிய அவரை விசாரித்துத் தண்டிக்க முடியாது.

நள்ளிரவில் யாரிடம் கேட்பது என்று தெரியாதபோது 14416 என்ற எண் இருக்கிறது. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய சிநேகா அமைப்பின் எண் 044-24640050. பாதிக்கப்பட்டவர்தான் அழைக்க வேண்டும் என்பதில்லை. நண்பனிடம் என்ன பேசுவது என்று கேட்டு நாமும் அழைக்கலாம்.

திருப்பூர்க்காரரிடம் மருத்துவர் என்றதும், "நான் என்ன பைத்தியமா?" என்ற கேள்வி வந்தது. அவரை அதிகம் வாட்டியது தூக்கமின்மை. "மூணு மணிக்கு முழிப்பு வருதுல்ல, அதைச் சொல்லித்தான் காட்டப்போறோம். செவ்வாய்க்கிழமை லீவு போடு, நானும் கூட வர்றேன்." இது ஏமாற்று வேலை இல்லை; தூக்கம் கெடுவது இந்த நோயின் நேரான அறிகுறி. "ஒரு நல்ல டாக்டரைப் பாரு" என்று சொல்லிவிட்டு விட்டால் அவர் போக மாட்டார். எந்த மருத்துவமனை என்று தேடுவது, எந்த நாள் என்று முடிவெடுப்பது எல்லாம் சோர்வில் இருப்பவருக்கு மலை. நண்பன் எடுத்துச் செய்யக்கூடிய வேலை இதுதான்: நாள், நேரம், இடம் பார்த்து வைத்துவிட்டு, கூடவே போய் ஓ.பி. சீட்டு வாங்குவது. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது.

அங்கே மருத்துவர் முதலில் ரத்தப் பரிசோதனை எழுதினார். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் இதே மாதிரி அசதியும் மந்தமும் வரும் என்பதால் அதைப் பார்த்துவிடுவார்கள். மாத்திரையும் எழுதினார். வெளியே வரும்போது இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய ஒன்றை அவர் சொல்லி அனுப்பினார். மாத்திரை மனத்தில் வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். குமட்டல், தலைவலி போன்ற தொந்தரவுகளோ முதல் வாரத்திலேயே வரலாம். பலனுக்கு முன்னால் தொந்தரவு வருவதால், அந்த நாட்களில்தான் பலர் "இது எனக்கு ஒத்துக்கல" என்று நிறுத்திவிடுகிறார்கள். ஆகவே திண்டுக்கல்காரர் முதல் வாரம் முழுவதும் இரவில் ஒரு வரி அனுப்பினார். எட்டாம் நாள் நண்பர் நிறுத்தப்போவதாகச் சொன்னபோது, மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம் என்று மட்டும் சொல்லி, மறுபடி காட்டும் தேதியை முன்னால் நகர்த்த வைத்தார். மருத்துவர் மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின் மாற்றிக் கொடுத்தார். மூன்றாவது வாரத்தில் தூக்கம் ஐந்தரை மணி வரை நீண்டது. மனம் இன்னும் தெளியவில்லை. ஆனால் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருக்கும் நேரம் குறைந்தது.

இருவருக்கும் ஒரு ஏற்பாடு இருந்தது. எழுத முடியாத நாளில் நண்பர் வெறும் ஒரு புள்ளி அனுப்பினால் போதும். "இருக்கேன், பேச முடியல" என்று அர்த்தம். புள்ளிக்கு மேல் எதுவும் கேட்கப்படாது. இரண்டு நாள் தொடர்ந்து புள்ளியும் வராவிட்டால் வீட்டுக்குப் போன் வரும் என்பதும் முதலிலேயே பேசி ஒப்புக்கொண்டதுதான். ஏற்பாட்டில் நண்பருக்கும் சம்மதம் இருந்ததால் அது கண்காணிப்பாகத் தோன்றவில்லை.

இதில் ஒரு சிக்கல் மெதுவாகத் தலைகாட்டியது. கடை, குடும்பம், தினமும் புள்ளிக்காகக் காத்திருப்பது என்று ஒரு மாதத்தில் திண்டுக்கல்காரருக்கே தூக்கம் கெட்டது. இரவில் போன் ஒளிர்ந்தால் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஒருவர் மட்டும் தாங்கினால் இப்படித்தான் ஆகும். அவர் திருப்பூர்க்காரரைக் கேட்டுவிட்டு, கோயம்புத்தூரில் இருக்கும் இன்னொரு வகுப்புத்தோழரையும் சேர்த்துக்கொண்டார். கோவைக்காரர் பக்கத்தில் இருப்பதால் மாதம் ஒருமுறை மருத்துவமனைக்குக் கூடப் போவது அவர் பொறுப்பு. தினச் செய்தி இருவருக்கும் வாரம் மாற்றி. மனைவியிடம் பேசுவது திண்டுக்கல்காரர் மட்டும், அதுவும் புள்ளி நின்றால்தான். குணமான பிறகும் மாத்திரையைச் சில மாதங்களாவது தொடர வேண்டும் என்றும், இது திரும்பி வரக்கூடியது என்றும் மருத்துவர் சொல்லியிருந்ததால், முகம் தெளிந்ததும் மூவரும் இதைக் கலைத்துவிடவில்லை. தினச் செய்தி வாரத்துக்கு ஒன்றாயிற்று. புள்ளி அப்படியே இருக்கிறது.